பாட்டிலிலிருந்து என் படத்தை எடுத்த கதை

நெய்வேலியில் எங்கள் கடலை எண்ணெயை வாங்கி விற்கும் மளிகைக்காரர் ஒருவர், 2022 செப்டம்பரில் ஒரு பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பினார். பன்னிரண்டு பாட்டிலில் ஒன்றைக்கூட அவர் வெளியே எடுத்து வைக்கவில்லை. என்ன விஷயம் என்று போன் செய்து கேட்டேன். "அண்ணே, சரக்கு உங்களுதுதான்னு எனக்குத் தெரியும். வாங்க வர்றவங்க நம்ப மாட்டேங்கறாங்க. அண்ணன் போட்டோ எங்க, இது டூப்ளிகேட்டான்னு கேக்கறாங்க" என்றார்.

எண்ணெய் அதே எண்ணெய்தான். லேபிளில் இருந்த என் படத்தை மட்டும் எடுத்திருந்தோம். அந்த இரண்டு மாதத்தில் எங்கள் விற்பனை நாலில் ஒரு பங்கு விழுந்தது. படத்தை எடுக்க வேண்டும் என்ற முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எடுத்த விதமும் எடுத்த வரிசையும் தவறு. அதைச் சரிசெய்ய எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் சொந்த முகத்தை வைத்து வியாபாரம் செய்கிற பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் கணக்கோடு எழுதுகிறேன்.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறியபோது அது படுத்துவிட்டது. முந்திரி மறுபடி காய்த்துப் பலன் தரும்வரை காத்திருக்க வழியில்லை. 2013-இல் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாகை மரச் செக்கு போட்டு உட்கார்ந்தேன். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நானே போய்க் கடலை எடுப்பேன். நானே ஆட்டுவேன், நானே அளந்து ஊற்றுவேன்.

செக்கு எண்ணெய் வியாபாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அது செக்கில் ஆட்டியதா, வேறு எண்ணெய் கலந்ததா என்று வாங்குபவரால் சொல்ல முடியாது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டே கால் கிலோ பருப்பாவது வேண்டும். பருப்பின் விலை தெரிந்தவர்கள், மிக மலிவாகக் கிடைக்கும் 'செக்கு எண்ணெய்' எப்படி வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். மற்றவர்கள் ஆளைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அதனால் இந்தத் தொழிலில் முதலாளியின் முகம் விளம்பரத்தைத் தாண்டி உத்தரவாதச் சீட்டாகவும் வேலை செய்கிறது. "இந்த ஆள் இங்கேயேதான் இருப்பான், தப்பு நடந்தால் போய்க் கேட்கலாம்" என்பதுதான் அந்த முகத்துக்கு அர்த்தம்.

2016-இல் மகள் என்னை வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தாள். செக்குக்குப் பக்கத்தில் நின்று பருப்பைக் கையில் அள்ளிக் காட்டிப் பேசுவேன். அது நன்றாக ஓடியது. லேபிளில் என் படம் வந்தது, அதற்குக் கீழே என் கைபேசி எண். 2018-இல் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் கடை போட்டோம். கடலூரிலிருந்து அரை மணி நேரம், முக்கால் மணி நேரப் பயணம்தான் என்றாலும் அது வேறு ஆட்சிப் பகுதி. ஜிஎஸ்டி பதிவும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் நெய்வேலி, விழுப்புரத்தில் மளிகைக் கடைகளுக்கும் கொடுத்தோம். நாலு செக்கு, மாதம் சுமார் 4,000 லிட்டர். தம்பியும் மகளும் தொழிலுக்குள் வந்தார்கள். லேபிளில் மட்டும் நான் ஒருவன்தான்.

முகம் ஆபத்தாகவும் மாறும் என்று எனக்குத் தெரிய வைத்தது ஒரு பிளெக்ஸ் பேனர். 2022-இல் எங்கள் தெருவில் ஒரு கட்சிக்காரருக்குப் பிறந்தநாள். என்மேல் பிரியம் உள்ள ஒருவர், என்னிடம் கேட்காமலே, பாட்டிலில் இருக்கும் அதே படத்தை எடுத்து வாழ்த்து பேனரில் போட்டுவிட்டார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. நான் அந்தக் கட்சி, இன்ன சாதிச் சங்கத்துக்குப் பணம் கொடுக்கிறேன் என்று பேச்சு கிளம்பியது. செக்கு போட்ட நாளிலிருந்து எண்ணெய் வாங்கும் ஒரு பெரியவர் கடைக்கு வந்து, "நீயும் அந்தப் பக்கமாப்பா?" என்று கேட்டார். இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பினார். கேட்காமலே நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

அதே மாதம் எனக்கு டெங்கு. பன்னிரண்டு நாள் படுக்கை. போன் அணைந்தே கிடந்தது. ரெட்டியார்பாளையம் கடையில் ஒரு வாடிக்கையாளர் டின்னைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். கல்லாவில் இருந்த பெண், "அண்ணா வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அவரை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவள்மேல் தவறில்லை. திருப்பி வாங்கலாமா, பணம் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை நான் யாருக்கும் கொடுத்ததே கிடையாது.

இந்த இரண்டும் சேர்ந்து என்னைப் பயமுறுத்திவிட்டன. பயத்தில் எடுத்த முடிவுதான் அந்தப் புது லேபிள். படத்தை எடுத்தோம். கூடவே மஞ்சள் நிறம் பச்சையானது. தமிழ் எழுத்தின் வடிவம் மாறியது. பெயருக்கு மேலே ஒரு இலை வந்தது. எல்லாம் ஒரே நாளில். பெரிய நிறுவனம் மாதிரித் தெரிந்ததில் எங்களுக்குச் சந்தோஷம். கடைக்கு வந்தவர்களின் கண்ணுக்கு அது தெரியாத யாரோ ஒருவரின் எண்ணெய்.

நெய்வேலிப் பெட்டி திரும்பி வந்த பிறகு பழைய லேபிளையே மறுபடி ஒட்டச் சொன்னேன். நல்லவேளை, நாங்கள் ஒட்டும் லேபிள்தான் வைத்திருந்தோம், அதனால் நஷ்டம் சில ஆயிரத்தோடு போயிற்று. பவுச்சில் அச்சடிப்பவர்களுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும், ஃபிலிமையும் ரோல் ரோலாக எடுக்க வேண்டும். பெயர் மாறினால் அத்தனையும் குப்பை. பவுச்சில் இருப்பவர்கள் மாற்றத்தை முதலில் ஒட்டும் லேபிளில் போட்டு ஒரு ஊரில் மட்டும் விற்றுப் பார்ப்பது நல்லது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தோம். என் முகம் சரியாக என்ன வேலை செய்கிறது? அதை முதலில் அளக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். இரண்டு அளவு எடுத்தோம். இரண்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

முதலாவது, என் போனுக்கு வரும் அழைப்புகள். பதினாலு நாள், ஒவ்வொரு அழைப்பும் எதற்கு என்று குறித்தோம். மொத்தம் 280. அதில் 171 பேர் கேட்டது விலை, இருப்பு, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா என்பது. 52 பேர் ஒழுகிய பாட்டில், குறைந்த அளவு, திருப்பித் தருவது பற்றி. 38 பேர், "இது எப்ப ஆட்டினது, புதுசா?" என்று கேட்டார்கள். என்னிடமே பேச வேண்டும், எந்த எண்ணெய் குழந்தைக்கு நல்லது, சளிக்கு எது என்று கேட்டவர்கள் 19 பேர். 280 பேரும் என்னைத் தேடுகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது ஒரு பதில். அதைச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் என்னைக் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது அளவுதான் என் மனதை மாற்றியது. ரெட்டியார்பாளையத்தில் பில் போடும்போது போன் எண் வாங்குவோம். புதிதாக வருபவரிடம், "எங்களை எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்வியைச் சேர்த்தோம். மூன்று மாதத்தில் 240 புதியவர்கள். என் வீடியோ பார்த்து வந்தவர்கள் 130, தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள் 70, வழியில் கடையைப் பார்த்து ஏறியவர்கள் 40. அவர்களில் யார் அறுபது நாளுக்குள் மறுபடி வந்தார்கள் என்று எண்ணினோம். அறுபது நாள் என்று வைத்ததற்குக் காரணம், நாலைந்து பேர் இருக்கும் வீட்டில் ஐந்து லிட்டர் டின் பெரும்பாலும் ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். வீடியோ பார்த்து வந்த 130 பேரில் 39 பேர்தான் திரும்பினார்கள். தெரிந்தவர் சொல்லி வந்த 70 பேரில் 42 பேர். வழியில் ஏறிய 40 பேரில் 16 பேர்.

என் முகத்தைப் பார்த்து வந்தவர்கள்தான் குறைவாகத் திரும்பியிருக்கிறார்கள். வழிப்போக்கர்கள்கூட அவர்களைவிட மேல். இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: முகம் முதல் பாட்டிலை விற்கிறது. இரண்டாவது பாட்டிலை விற்க அதனால் முடியவில்லை. வீடியோ பார்த்து வந்தவர் என்னை எதிர்பார்த்து வருகிறார். கடையில் நான் இல்லை. வெறும் பாட்டிலும் கல்லாவும் இருக்கின்றன. வீடியோவில் நான் சொன்ன எதையும் அங்கே அவரால் சரிபார்க்க முடியவில்லை. தெரிந்தவர் சொல்லி வந்தவர், அவர் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். இது ஒரு சின்னக் கடையின் மூன்று மாதக் கணக்குதான். எல்லாத் தொழிலுக்கும் இப்படி வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடையில் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முகத்தால் வந்தவர்கள் மற்றவர்கள் அளவுக்குத் திரும்பினால், சரக்கு தன் காலில் நிற்கிறது, முகம் மெல்ல விலகலாம். திரும்பவில்லை என்றால் முகத்தைக் கூட்டுவதிலும் பயனில்லை, குறைப்பதிலும் பயனில்லை. முகம் கொடுத்த உத்தரவாதத்துக்கு மாற்றாகக் கடையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் கடையில் அப்படி ஒன்றும் இல்லை. அதை உண்டாக்குவதிலிருந்து ஆரம்பித்தோம். லேபிளில் இருந்த படத்தையும் நிறத்தையும் ஒரு வருடத்துக்குத் தொடவே இல்லை.

முதலில் செய்தது அதிகாரத்தை மாற்றியது. 1,500 ரூபாய் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு டின் விலை வரை, கல்லாவில் இருப்பவரே பணத்தைத் திருப்பித் தரலாம், யாரிடமும் கேட்க வேண்டாம் என்று எழுதி ஒட்டினோம். பாதி தீர்ந்த பாட்டிலாக இருந்தாலும் சரி. தம்பி ஏமாற்றிவிடுவார்கள் என்று பயந்தான். முதல் மாதம் ஒன்பது பேர் திருப்பினார்கள், அதில் இரண்டு பேர் ஏமாற்றினார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மாதம் மூன்று, நாலுதான். இந்தப் பணத்தைவிட, "அண்ணா வந்ததும்" என்ற வார்த்தை கடையிலிருந்து போனதுதான் எங்களுக்குப் பெரிய லாபம். கல்லாவில் இருக்கும் பெண்ணால் முடிவெடுக்க முடியாதவரை, சுவரில் யார் படம் மாட்டினாலும் அது முதலாளி கடைதான்.

அப்புறம் போன். என் சொந்த எண்ணைத் திடீரென்று நிறுத்தவில்லை. லேபிளில் கடை எண்ணை முதலிலும் என் எண்ணை அதற்குக் கீழேயும் போட்டோம். என் எண்ணுக்கு வருபவர்களுக்கு நானே பதில் சொல்லிவிட்டு, "அடுத்த தடவை அந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, உடனே எடுப்பாங்க" என்று முடிப்பேன். ஆறு மாதம் அப்படிச் செய்த பிறகுதான் என் எண்ணை எடுத்தோம்.

மூன்றாவது, பாட்டிலின் கழுத்தில் ஒரு சீட்டு. ஆட்டிய தேதி, எந்தச் செக்கு, பருப்பு எடுத்த இடம், ஆட்டியவர் பெயர். அந்த 38 பேர் போனில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஒரு செக்கில் ஒரு தடவைக்கு 15 கிலோ பருப்பு போடுவோம், ஆறரை லிட்டர் அளவுக்கு எண்ணெய் வரும். ஒரே நாளில் ஒரே செக்கில் ஆட்டியதை ஒன்றாகத் தெளியவிட்டு வடிகட்டுவோம். அதனால் சீட்டை அந்த அளவுக்குத்தான் நுணுக்கமாகப் போட முடியும், ஒவ்வொரு தடவைக்கும் தனிச் சீட்டு போடுவது பொய்யாகிவிடும். கூடவே மாதம் ஒருமுறை பரிசோதனைக் கூடத்துக்கு எண்ணெய் அனுப்பி, அமில மதிப்பு எவ்வளவு என்ற அறிக்கையைக் கடைச் சுவரில் ஒட்டினோம். பருப்பு பழசாகவோ ஈரமாகவோ இருந்தால் இந்த எண் ஏறும். கடலை எண்ணெய்க்கு 6-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. எங்களுக்கு நாங்களே 3 என்று கோடு போட்டுக்கொண்டோம். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதைப் படிப்பதில்லை. படித்துக் கேட்கிற ஒருவருக்கு, கல்லாவில் இருப்பவர் என் பெயரைச் சொல்லாமல் பதில் சொல்ல முடிகிறது.

இந்தச் சீட்டு 2023 டிசம்பரில் எங்களைக் காப்பாற்றியது. மழையில் குடோனின் ஒரு மூலையில் ஈரம் ஏறியிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு நாள் மூன்றாம் செக்கில் ஆட்டியது பத்தே நாளில் காறல் வாடை அடித்தது. ரெட்டியார்பாளையத்தில் இரண்டு பேர் ஒரே நாளில் திருப்பினார்கள், இரண்டு சீட்டிலும் ஒரே தேதி. அன்று மாலைக்குள் அந்தத் தேதிப் பாட்டில்கள் 54-உம் யாரிடம் போயின என்று பில்லிலிருந்து எடுத்துவிட்டோம். மளிகைக் கடைகளுக்குப் போன 15 பாட்டிலுக்கு மட்டும் யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை.

அன்று ஒரு விவாதம் நடந்தது. முகத்தைப் பின்னால் கொண்டுபோகும் வேலையில் இருக்கிறோம், அதனால் கடையின் பெயரில் ஒரு அறிவிப்பு போட்டால் போதும் என்றான் தம்பி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. நானே வீடியோவில் வந்து, இன்ன தேதி, மூன்றாம் செக்கு, ஈரப் பருப்பு, எங்கள் தவறு, பாட்டிலைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நல்ல நாளில் இத்தனை வருடம் படத்தைக் காட்டிவிட்டு, தவறு நடந்த அன்று நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஒளிந்தால், மக்கள் அதை மறக்க மாட்டார்கள். முகம் எப்போது விலக வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விற்பதிலிருந்து முதலில் விலகலாம். பொறுப்பேற்பதிலிருந்து கடைசியில்தான் விலகலாம், அல்லது விலகாமலே இருக்கலாம்.

இடையில் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வீடியோவில் எனக்குப் பதில் மகளை நிறுத்தினோம். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் எல்லாக் கேள்வியும், "அப்பா எங்கம்மா?" என்றே வந்தது. ஒரு முகத்தை எடுத்துவிட்டு இன்னொரு முகத்தை வைத்தால், கைமாறியது எங்கள் குடும்பத்துக்குத்தான் தெரியும், தொழில் இருந்த இடத்திலேயே இருக்கும். அவளுக்கும் அது நல்லதில்லை, நாளை அவள் வேறு வேலைக்குப் போக ஆசைப்பட்டால்? இரண்டு மாதத்தில் நிறுத்தினோம். இப்போது வீடியோவில் விருத்தாசலத்தில் பருப்பு எடுப்பது, கல் பொறுக்குவது, செக்கு சுற்றுவது எல்லாம் வருகின்றன. பேசுபவர் வாரத்துக்கு ஒருவர். பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், உண்மைதான்.

லேபிளுக்கு வருகிறேன். நம் ஊரில் மார்க் பார்த்து வாங்கும் பழக்கம் புதிதல்ல. கோபுரம் மஞ்சள், பொன்வண்டு சோப்பு என்று கேட்டு வாங்கும் என் அம்மாவுக்கு அவற்றின் முதலாளிகள் எப்படி இருப்பார்கள் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர் நினைத்ததில்லை. படிக்கத் தெரியாதவர்கூடப் படத்தைச் சொல்லிக் கேட்கலாம். அதனால் எங்களுக்கும் ஒரு மார்க் வேண்டும், அது செக்கின் கோட்டோவியமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். 2022-இல் நான் தவறவிட்டது, அந்த மார்க்கும் என் முகமும் ஒரே லேபிளில் சேர்ந்து இருக்க வேண்டிய காலம். எவ்வளவு காலம்? இதை மாதத்தில் எண்ணக் கூடாது, வாங்கும் தடவையில் எண்ண வேண்டும். ஒரு வீடு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வாங்குகிறது. ஐந்து தடவையாவது இரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்றால் ஏழெட்டு மாதம். தினமும் வாங்கும் பாலுக்கு இது சில வாரமாகலாம். வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் பட்டுப்புடவைக்கு இந்தக் கணக்கு பல வருடத்துக்குப் போகும்.

2024 தொடக்கத்தில் செக்கு மார்க்கைச் சின்னதாக என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். மஞ்சள் நிறத்தையும் எழுத்தையும் தொடவில்லை. நாலு மாதம் கழித்து இரண்டும் ஒரே அளவு. அதற்கு நாலு மாதம் கழித்து மார்க் பெரிது, என் படம் மூலையில். அக்டோபரில் படம் பின்பக்கம் போனது, முகவரிக்கு மேலே, ஒரு ரூபாய் நாணய அளவில். நெய்வேலி மளிகைக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த முறை ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை.

இந்த வேலையில் சட்டப் பக்கம் ஒன்று இருக்கிறது. என் படத்தோடு இருந்த லேபிளை 2017-இல் என் சொந்தப் பெயரில் டிரேட்மார்க் பதிவு செய்திருந்தேன். சமையல் எண்ணெய்க்கு வகுப்பு 29. தம்பியையும் மகளையும் சேர்த்துக் கம்பெனி ஆக்கியபோது செக்கு, வண்டி, குடோன் எல்லாம் கம்பெனிக்குப் போயின, பெயர் மட்டும் என்னிடமே இருந்துவிட்டது. டெங்குவில் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பெயர் கம்பெனியின் சொத்தாக இருந்திருக்காது, வாரிசுகளுக்குள் பங்கு பிரிக்க வேண்டிய ஒன்றாக இருந்திருக்கும். ஆடிட்டர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரிந்தது. உரிமை மாற்றப் பத்திரம் எழுதி, TM-P படிவத்தில் பதிவேட்டில் மாற்றினோம். இன்னொன்று, பதிவான லேபிளில் இருக்கும் முகத்தை எடுத்துவிட்டு அதே பதிவைத் தொடர முடியாது. மார்க்கின் அடையாளத்தை மாற்றாத சிறு திருத்தத்துக்குத்தான் சட்டம் இடம் தருகிறது. அதனால் எழுத்துப் பெயருக்கு ஒன்று, செக்குப் படத்துக்கு ஒன்று என்று கம்பெனி பெயரில் புதிதாக விண்ணப்பித்தோம். சிறு தொழில் என்பதால் ஒவ்வொன்றுக்கும் 4,500 ரூபாய் கட்டணம். புதிதாகத் தொடங்குபவர்கள் எழுத்துப் பெயரைத் தனியாக முதல் நாளே பதிவு செய்துவிட்டால், முகம் பிறகு வந்தாலும் போனாலும் பதிவு அசையாது.

முகம் கட்டாயம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வசந்த் அண்ட் கோ நிறுவனரின் சிரித்த முகத்தை விளம்பரத்தில் பார்க்காத தமிழ் வீடு குறைவு. 2020 ஆகஸ்டில் அவர் மறைந்தார், கடைகள் நடக்கின்றன. அங்கே விற்கும் டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் உத்தரவாதம் தருவது அவற்றைச் செய்த கம்பெனி. முதலாளி முகம் போனாலும் அந்தச் சீட்டு போகாது. அமெரிக்காவின் கேஎஃப்சியில் தாடி வைத்த அந்தப் பெரியவர் 1964-லேயே கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகும் சம்பளத்துக்கு அவர்களின் முகமாக இருந்தார், 1980-இல் இறந்தார். முகம் கோட்டோவியமாக இன்றும் இருக்கிறது. உயிரோடு இருந்தவரை, புது முதலாளிகளின் சமையல் சரியில்லை என்று வெளிப்படையாகவே திட்டினார். ஓவியம் திட்டாது, கட்சி பேனரிலும் ஏறாது. ஆளையும் படத்தையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தால், படத்தை வைத்துக்கொண்டே ஆள் விலகலாம்.

தனியாக வேலை செய்யும் மருத்துவர், சமையல்காரர், டியூஷன் ஆசிரியர் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே விற்பதே அவர்கள் கைவேலைதான். எனக்கும் ஒரே செக்கு இருந்தவரை அப்படித்தான், அந்த நாட்களில் முகம் இருந்தது நியாயம். நான் ஆட்டாத எண்ணெயில், நான் பார்க்காத கடையில், என் முகம் உத்தரவாதம் சொல்ல ஆரம்பித்த நாள்தான் எல்லை. அது 2018-இல் ரெட்டியார்பாளையம் கடை திறந்த அன்றே வந்துவிட்டது. எனக்கு உறைக்க நாலு வருடம் ஆனது.

2025-இல் அதே இரண்டு அளவையும் மறுபடி எடுத்தோம். பதினாலு நாளில் என் சொந்தப் போனுக்கு வந்தவை 41. ரெட்டியார்பாளையத்தில் மூன்று மாதத்தில் புதிதாக வந்தவர்கள் 190 பேர், முன்பைவிடக் குறைவு. அறுபது நாளுக்குள் திரும்பியவர்கள் 101 பேர், முன்பு அது 97. வீடியோவால் வருபவர்கள் குறைந்ததைத் திரும்பி வருபவர்கள் ஈடுசெய்கிறார்கள். இதில் எவ்வளவு சீட்டினால், எவ்வளவு கடைக்கு வயதானதால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

புதிதாக ஒரு சிக்கலும் வந்திருக்கிறது. சீட்டில் ஆட்டியவர் பெயர் போடுகிறோம் அல்லவா, இரண்டாம் செக்கு ஓட்டும் அண்ணன் ஆட்டியதுதான் வேண்டும் என்று சிலர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் பருப்பில் தண்ணீர் தெளிக்கும் பக்குவம் நன்றாகத் தெரிந்தவர், கேட்பவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. பெயரை எடுத்துவிட்டுச் செக்கு எண் மட்டும் போடலாம் என்கிறான் தம்பி. பதினோரு வருடமாக ஆட்டுபவரின் பெயரை, என் படத்தை எடுத்த அதே காரணத்துக்காக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்ற மூன்று பேரும் மாதம் பத்து நாள் அவரோடு இரண்டாம் செக்கில் நிற்கட்டும் என்று இப்போதைக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். அவர்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்கிறார்களா என்று கல்லாவில் ஒரு நோட்டு போட்டு வைத்திருக்கிறோம். இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.